வண்ணம் தீட்டும் தாள் தயாரிப்பது எப்படி: ஒரு மாட்டு வண்டிப் படத்தை வைத்து முழு வழிகாட்டி

அக்கா மகளுக்கு ஐந்து வயது முடிந்த அன்று, வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு மாட்டு வண்டிப் படத்தை நாற்பது பிரதி எடுத்து வைத்தேன். கணினித் திரையில் பார்த்தபோது படம் பளிச்சென்று இருந்தது. தாளில் வந்தபோது வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மாவு தூவியது போலச் சாம்பல் புள்ளிகள். சக்கரத்தின் நடுப்பகுதி கரிக்கட்டை மாதிரி ஒரே கறுப்பு. பிள்ளைகள் அதற்காகவெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. மாட்டுக்கு நீலம் அடித்தார்கள், கூரைக்கு ரோஸ் அடித்தார்கள். ஆனால் மாலையில் தாள்களைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஏறக்குறைய எல்லாத் தாளிலும் சக்கரம் மட்டும் தொடப்படாமல் இருந்தது. தொட்ட ஒன்றிரண்டு பேரும் ஆரக்கால்களைக் கண்டுகொள்ளாமல் மேலே ஒரே கிறுக்காகக் கிறுக்கியிருந்தார்கள்.

அதே வண்டியைத் திருத்திச் செய்த விதத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். படம் உருவாக்கும் ஏஐ கருவியில் வாங்கிய படமாக இருந்தாலும் சரி, புகைப்படத்தின் மேல் தாள் வைத்து வரைந்ததாக இருந்தாலும் சரி, முதல் கட்டம்தான் வேறு. அதற்கப்புறம் எல்லாம் ஒரே வேலை. தேவையான மென்பொருள்கள் ஜிம்ப், இங்க்ஸ்கேப், விருப்பமிருந்தால் இமேஜ்மேஜிக். மூன்றும் இலவசம்.

வரைவதற்கு முன்: வெள்ளையை அளந்துகொள்ளுங்கள்

வண்ணப் படத்திலிருந்து வண்ணத்தை எடுத்துவிட்டால் வண்ணம் தீட்டும் தாள் வந்துவிடும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். அப்படி வராது. குழந்தை வேலை செய்வது கோட்டில் இல்லை, கோடுகளுக்கு நடுவே உள்ள வெள்ளையில். அந்த வெள்ளைக் கட்டம் ஒவ்வொன்றும் அவள் கையிலுள்ள கிரேயான் உள்ளே போய்த் திரும்பும் அளவுக்கு இருக்க வேண்டும்.

வீட்டில் கிடக்கும் தேய்ந்த கிரேயான் ஒன்றை எடுத்துத் தாளில் ஒரு கோடு இழுத்து, அதன் அகலத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டுக் கிரேயான் 4 முதல் 5 மி.மீ. வரை வந்தது. அப்படியானால் 5 மி.மீ. அகலமுள்ள கட்டத்தில் குழந்தை ஒரே ஒரு கோடுதான் இழுக்க முடியும், அதுவும் கை ஆடாமல் இருந்தால். ஐந்து வயதுக்காரர்களுக்கு நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: மாட்டின் உடம்பு, வண்டியின் பக்கப்பலகை போன்ற முக்கியமான கட்டங்கள் 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எந்தக் கட்டமும் 8 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. கட்டங்கள் ஒடுங்கி முடியும் மூலைகளும் சக்கரத்தின் ஆரக்கால்களும் மட்டும் இதற்கு விலக்கு. கோட்டின் தடிமன் 1.2 மி.மீ. கோடு தடிமனாக இருப்பது அழகுக்காக அல்ல. கிரேயான் சற்று வெளியே போனாலும் அது கறுப்பின் மேலேயே விழுந்து மறைந்துவிடும், அதற்காகத்தான். மூன்று வயதுக்கு 2 மி.மீ. கோடும், மொத்தப் படத்துக்கும் சேர்த்துப் பத்துக் கட்டமும் போதும். கலர் பென்சில் பிடிக்கும் எட்டு ஒன்பது வயதுக்காரர்களுக்கு அரை மி.மீ. கோடு சரியாக இருக்கும். தடிமனான கோடு போட்டால் ‘இது பாப்பா படம்’ என்று தள்ளிவிடுவார்கள்.

ஏஐ கருவியிலிருந்து வாங்கும் படம்

மாட்டு வண்டி அகலமான பொருள். ஆகவே ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து, படத்தையும் படுக்கை வடிவில் கேளுங்கள். நான் தட்டிய வரி இது:

```
simple coloring page for a 5 year old, side view of an Indian
bullock cart with two oxen, thick even black outlines, flat pure
white background, large open empty shapes, very few details
```

‘நிழல் வேண்டாம், புல் வேண்டாம்’ என்று வேண்டாதவற்றை அடுக்கினால் பல கருவிகள் ‘வேண்டாம்’ என்பதை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. அதனால் எது வேண்டுமோ அதை மட்டும் சொன்னேன்.

படம் வந்ததும் அழகைப் பார்த்து மயங்காமல் எண்ண ஆரம்பியுங்கள். இரண்டு மாட்டுக்கு எட்டுக் கால் இருக்க வேண்டும். எனக்கு வந்த முதல் படத்தில் ஏழு. நுகத்தடி மாட்டின் கழுத்தில், திமிலுக்கு முன்னால் உட்கார வேண்டும். வந்த படத்தில் அது திமிலைத் தாண்டி முதுகின் மேல் கிடந்தது, அப்படிப் பூட்டினால் மாடு இழுக்கவே முடியாது. இன்னொரு படத்தில் நுகத்தடியையும் வண்டியையும் இணைக்கும் ஏர்க்காலே இல்லை. வண்டி பின்னால் தானாக வருகிறது. மூக்கணாங்கயிறு காதிலிருந்து புறப்படுவதும் உண்டு. இப்படி நாலைந்து படம் வாங்கி, குறை ஒன்றிரண்டே உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிலும் சரியான படத்துக்காக விடிய விடியக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, ஒரு காலை நாமே வரைந்து சேர்ப்பது பத்து நிமிட வேலை.

நான் எடுத்துக்கொண்ட படம் 1536 × 1024 பிக்சல். ஓரத்துக்கு 12 மி.மீ. விட்டால் படுக்கையாக வைத்த ஏ4 தாளில் 273 மி.மீ. அகலம் மிஞ்சும். அந்த அகலத்தில் இந்தப் படத்தை அச்சடித்தால் அங்குலத்துக்கு 143 பிக்சல்தான் வரும். சாய்வான கோடெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். அதைச் சரிசெய்வது பின்னால் வருகிறது.

புகைப்படத்திலிருந்து வரைந்தெடுக்கும் படம்

நீங்களே எடுத்த புகைப்படம் இருந்தால் இந்த வழிதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் நுகத்தடி அதன் இடத்தில் இருக்கும். அடுத்தவர் வரைந்த படத்தையோ டிவி கார்ட்டூன் பாத்திரத்தையோ நகலெடுத்து விற்கக் கிளம்பினால் அது காப்புரிமைச் சிக்கல், அதில் இறங்க வேண்டாம்.

ஒரு பொத்தானை அழுத்திப் புகைப்படத்தைக் கோட்டோவியமாக்கும் செயலிகள் நிறைய இருக்கின்றன. அவை செய்வது விளிம்பைத் தேடுவது மட்டுமே. வெளிச்சம் எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கே கோடு போடும். மாட்டின் வயிற்றில் விழுந்த நிழலும் அதற்கு ஒரு விளிம்பு, தோலில் உள்ள புள்ளியும் ஒரு விளிம்பு. கயிறு மாதிரி மெல்லிய பொருளுக்கு இரண்டு பக்கமும் கோடு விழும். ஆனால் வெள்ளை மாடு வெளுத்த வானத்துக்கு முன் நிற்கும் இடத்தில், நமக்கு மிகவும் வேண்டிய முதுகுக் கோடு மட்டும் விழாது. ஆகவே கையால் வரைவதே மேல்.

புகைப்படத்தை ஏ4 அளவில் அச்சடித்து, மேலே பட்டர் பேப்பரை ஒட்டி, பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் கண்ணாடியில் வைத்து பென்சிலால் வரையுங்கள். கோடு போடும் முன் ஒரே ஒரு கேள்வி: இந்தக் கோடு இரண்டு பொருள்களைப் பிரிக்கிறதா? கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே உள்ள கோடு பிரிக்கிறது, அது வேண்டும். மாட்டின் கழுத்தடியில் தொங்கும் அலைதாடியில் ஏழெட்டு மடிப்பு இருக்கும். அவை எதையும் பிரிக்கவில்லை, இரண்டு போதும். விலா எலும்பு வேண்டவே வேண்டாம். பென்சில் வேலை முடிந்ததும் கறுப்பு மார்க்கரால் ஒரே கனத்தில் மேலே ஓட்டி, மை காய்ந்த பிறகு பென்சிலை அழித்துவிடுங்கள். பட்டர் பேப்பரில் மை காய நேரமாகும், அவசரப்பட்டால் கை பட்டு இழுபடும்.

ஸ்கேனர் இருந்தால் 400 அல்லது 600 டிபிஐயில், ‘கிரேஸ்கேல்’ முறையில் எடுங்கள். ‘பிளாக் அண்ட் ஒயிட்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் எது கறுப்பு எது வெள்ளை என்பதை ஸ்கேனரே முடிவு செய்துவிடும், பிறகு நம்மால் மாற்ற முடியாது. போனில் எடுப்பதானால் ஒரு தொந்தரவு உண்டு. தாளின் ஒரு மூலை வெளிச்சமாகவும் மறுமூலை மங்கலாகவும் இருக்கும். அதை அப்படியே கறுப்பு வெள்ளை ஆக்கினால் மங்கலான மூலை முழுவதும் கறுத்துவிடும். ஜிம்ப்பில் இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. லேயரை ஒரு பிரதி எடுத்து, மேலே உள்ளதில் `Filters > Blur > Gaussian Blur` போய் 60 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, அந்த லேயரின் `Mode` பட்டியலில் `Divide` தேர்ந்தெடுங்கள். கோடுகள் கரைந்து போய் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சிய அந்தப் பிரதியால் மூலப்படம் வகுக்கப்படுவதால், தாள் எல்லா மூலையிலும் ஒரே வெள்ளையாகிவிடும். பிறகு `Image > Flatten Image`.

இந்தப் படமும் கடைசியில் 4,600 பிக்சல் அகலத்துக்கு வரும்படி பார்த்துக்கொண்டால், கீழே வரும் எண்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மூன்று மடங்கு பெரிதாக்குவதும் `-resize 300%` என்பதும் மட்டும் இதற்கு வேண்டாம்.

சாம்பலை ஒழிப்பது

என் நாற்பது தாளையும் கெடுத்தது இதுதான். ஏஐ கருவி தரும் ‘வெள்ளை’ பெரும்பாலும் முழு வெள்ளையாக இருப்பதில்லை. ஜிம்ப்பில் வண்ணம் எடுக்கும் கருவியைப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். முழு வெள்ளை என்றால் 255 காட்ட வேண்டும், 246, 250 என்று ஏதாவது காட்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் இருப்பது கறுப்பு டோனர் மட்டுமே, சாம்பல் கிடையாது. சாம்பலைக் காட்ட அது சிறு சிறு கறுப்புப் புள்ளிகளாகத் தெளிக்கும். நான் மாவு என்று நினைத்தது அந்தப் புள்ளிகளைத்தான். படம் ஜேபெக் கோப்பாக இருந்தால் கோடுகளின் ஓரத்தில் கொசு மொய்த்தது போல இன்னொரு கூட்டம் புள்ளிகளும் சேர்ந்துகொள்ளும்.

தீர்வு, ஒவ்வொரு பிக்சலையும் முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை ஆக்கிவிடுவது. இதில் வரிசை முக்கியம். முதலில் படத்தைப் பெரிதாக்க வேண்டும், பிறகு லேசாக மங்கலாக்க வேண்டும், கடைசியில்தான் கறுப்பு வெள்ளையாக வெட்ட வேண்டும். நான் முதல் தடவை வெட்டிவிட்டுப் பெரிதாக்கினேன்; படிக்கட்டுகளும் கூடவே மூன்று மடங்கு பெரிதாயின. முதலில் பெரிதாக்கினால் கோட்டு ஓரத்தில் உள்ள சாம்பல் படிகள் விரிந்து வழுவழுப்பான சரிவாகும். அந்தச் சரிவின் நடுவில் வெட்டு விழும்போது ஓரம் வளைவாக வரும்.

ஜிம்ப்பில் `Image > Scale Image` சென்று மூன்று மடங்கு, அதாவது 4608 பிக்சல் அகலம். பிறகு `Gaussian Blur` 3 பிக்சல். அப்புறம் `Colors > Threshold`. அங்கே உள்ள முக்கோணத்தை இடப்பக்கம் தள்ளினால் கோடு மெலிந்து ஆங்காங்கே அறுபடும். வலப்பக்கம் தள்ளினால் கோடு கனத்து, பின்னணிப் புள்ளிகள் கிளம்பும். அறுபது விழுக்காட்டை ஒட்டி எனக்குச் சரியாக வந்தது. மாட்டின் மீசை முடிகள், கயிற்று நுனி ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். முதலில் அறுபடுவது அவைதான்.

தாள் ஒன்றல்ல, பத்துப் பதினைந்து செய்ய வேண்டும் என்றால் இமேஜ்மேஜிக்கில் ஒரே வரி போதும்:

```
magick vandi.png -background white -alpha remove -colorspace Gray \
  -resize 300% -blur 0x3 -threshold 60% vandi-1.png
```

`-alpha remove` எதற்கென்றால், சில கருவிகள் பின்னணியே இல்லாத ஒளிபுகும் படத்தைத் தரும். அதை நேரே வெட்டினால் சில சமயம் பின்னணி மொத்தமும் கறுப்பாகிவிடும்.

இப்போது 4608 பிக்சல் 273 மி.மீ.க்கு வருகிறது. அதாவது 1 மி.மீ.க்கு ஏறத்தாழ 17 பிக்சல். இந்த ஒரு எண்ணைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இனி எல்லா அளவும் இதிலிருந்துதான் வரும்.

தூசு துடைப்பது, கோட்டைக் கனப்பது

வெட்டிய பிறகும் அங்கங்கே சிறு கறுப்புப் புள்ளிகளும், கோட்டுக்குள்ளே வெள்ளை ஓட்டைகளும் இருக்கும். 150 பிக்சல் பரப்புக்குக் கீழே உள்ள எதுவும், அதாவது சுமார் முக்கால் மி.மீ. சதுரத்துக்குக் கீழே உள்ளது, குழந்தைக்குப் பொருளாகத் தெரியாது. அவற்றை மொத்தமாகத் துடைக்கலாம்:

```
magick vandi-1.png -define connected-components:area-threshold=150 \
  -define connected-components:mean-color=true \
  -connected-components 8 -threshold 50% vandi-2.png
```

மாட்டின் கண்ணில் உள்ள வெள்ளைப் பளிச்சுப் புள்ளி இந்தத் துடைப்பில் போய்விடக்கூடும். அது இல்லாத மாடு தூங்கி வழிவது போலிருக்கும். கடைசியில் பென்சில் கருவியால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிடுங்கள். ஜிம்ப்பில் செய்பவர்கள் வெள்ளைப் பென்சில் கருவியால் தூசை ஒவ்வொன்றாகத் தொட்டு அழிக்க வேண்டியதுதான். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

அடுத்தது தடிமன். என் படத்தில் கோடு 12 பிக்சல், அதாவது 0.7 மி.மீ. வேண்டியது 1.2 மி.மீ., ஏறத்தாழ 20 பிக்சல். ஒவ்வொரு பக்கமும் 4 பிக்சல் கூட வேண்டும்:

```
magick vandi-2.png -morphology Erode Disk:4 vandi-3.png
```

`Erode` என்றால் அரிப்பது ஆயிற்றே, கோடு எப்படிக் கனக்கும் என்று குழம்ப வேண்டாம். அது அரிப்பது வெள்ளையை. வெள்ளை குறுகினால் கறுப்பு கனக்கும். `Dilate` போட்டால் நேர்மாறாகக் கோடு மெலிந்து காணாமல் போகும். ஜிம்ப்பில் இதே வேலைக்கு `Filters > Generic > Erode`. ஒரு தடவைக்கு ஒரு பிக்சல்தான் நகரும், நான்கு தடவை கொடுங்கள்.

கனத்த பிறகு படத்தை மறுபடி ஒரு பார்வை பாருங்கள். அருகருகே ஓடிய இரண்டு கோடுகள் ஒன்றாக ஒட்டியிருக்கும். கயிறு கறுப்புக் கம்பியாகியிருக்கும். அது பரவாயில்லை, கயிற்றுக்கு யாரும் வண்ணம் அடிக்கப் போவதில்லை. கொம்பு நுனி அடைந்துபோனதும் பரவாயில்லை. சக்கரம் அடைந்துபோனதுதான் பிரச்சினை.

மாட்டின் கால், வண்டியின் சக்கரம்

திருத்த வேலையைக் கோடு கனத்த பிறகுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் 20 பிக்சல் அளவுள்ள பென்சில் கருவியால் போடும் புதுக்கோடு பழைய கோட்டோடு ஒத்துப்போகும். பிரஷ் வேண்டாம், அதன் ஓரத்தில் மறுபடி சாம்பல் வரும்.

பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னால் நிற்கும் மாடு முன்மாட்டுக்குப் பின்னே ஒளிந்துகொண்டு, முதுகின் மேல் 3 மி.மீ. விளிம்பாக மட்டும் எட்டிப்பார்க்கும். அந்த நாடா போன்ற வெள்ளையில் எந்தக் கிரேயானும் நுழையாது. முதுகுக் கோட்டை அழித்துவிட்டு, பின்மாட்டின் தலையையும் கொம்பையும் கால்களையும் மட்டும் விட்டேன். இரண்டு மாடு என்பது தலையிலேயே புரிந்துவிடுகிறது. கால்களை முன்மாட்டுக் கால்களிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி வரைந்தேன், நடுவே ஒல்லிச் சந்து வராமலிருக்க. மூன்று வயதுக்காரர்களுக்கு என்றால் இந்தப் பாட்டே வேண்டாம், ஒற்றை மாட்டு வண்டியாக மாற்றிவிடலாம்.

சக்கரத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாளில் என் சக்கரத்தின் விட்டம் 80 மி.மீ. வெளிவளையமான வட்டையின் அகலம் 8 மி.மீ. நடுவிலுள்ள குடத்தின் ஆரம் 8 மி.மீ. ஆரக்கால் 12, ஒவ்வொன்றும் 4 மி.மீ. அகலம். குடத்தைச் சுற்றியுள்ள நீளம் சுமார் 50 மி.மீ. பன்னிரண்டால் வகுத்தால் ஒரு ஆரக்காலுக்கு 4.2 மி.மீ. அதில் ஆரக்காலே 4 மி.மீ.யை எடுத்துக்கொண்டால் வெள்ளைக்கு மிஞ்சுவது 0.2 மி.மீ. அதையும் தடித்த கோடு விழுங்கிவிடும். கரிக்கட்டைக்குக் காரணம் இதுதான், பிரிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆரக்காலை எட்டாகக் குறைத்து, குடத்தின் ஆரத்தை 12 மி.மீ. ஆக்கினால், குடத்தருகே 5.4 மி.மீ. வெள்ளை கிடைக்கும், வெளியே போகப் போக அது 20 மி.மீ.க்கு மேல் விரியும். இப்போது கிரேயான் நுழையும். எட்டு ஆரக்கால் வண்டியைப் பார்த்த என் மாமா, ‘இது எந்த ஊர் வண்டி?’ என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

கையால் எட்டு ஆரக்காலைச் சம இடைவெளியில் வரைய எனக்கு வராது. இங்க்ஸ்கேப்பில் இப்படிச் செய்தேன். `File > Document Properties` போய் ஏ4 படுக்கைத் தாள் வைத்து, `vandi-3.png` கோப்பை உள்ளே கொண்டுவந்து அகலத்தை 273 மி.மீ. ஆக்கினேன். பழைய சக்கரத்தின் மேலேயே 80 மி.மீ. விட்டமுள்ள வட்டம், அதன் நடுவில் 64 மி.மீ. வட்டம். இரண்டுக்கும் உள்ளே வெள்ளை நிரப்பி, கோடு கறுப்பில் 1.2 மி.மீ. வெள்ளை நிரப்புவதால் அடியிலுள்ள கரிக்கட்டை மறைந்துவிடும். பிறகு 64 மி.மீ. நீளமும் 4 மி.மீ. அகலமும் உள்ள ஒரு பட்டையைச் சக்கரத்தின் குறுக்கே முழுவதுமாக வைத்தேன். ஒரு பட்டை இரண்டு ஆரக்காலுக்குச் சமம். `Ctrl+D` அழுத்திப் பிரதி எடுத்து, `Object > Transform` இல் `Rotate` 45 டிகிரி. இன்னும் இரண்டு தடவை அதே மாதிரி. பட்டை நடுப்புள்ளியைச் சுற்றியே திரும்புவதால் எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. நான்கு பட்டையும் வந்ததும் நடுவில் குழம்பிக் கிடக்கும் கோடுகளின் மேல் 24 மி.மீ. விட்டமுள்ள வெள்ளை வட்டத்தைக் குடமாக வைத்தேன். குழப்பம் அடியில் போய்விட்டது. குடத்துக்கு நடுவே ஒரு கறுப்புப் பொட்டு, அதுதான் கடையாணி.

இங்க்ஸ்கேப்பில் இருக்கும்போதே `Path > Trace Bitmap` கொடுத்து முழுப் படத்தையும் வெக்டாராக மாற்றலாமே என்று தோன்றும். ஏ4 தாளுக்கு அவசியமில்லை, நாம் செய்த 4608 பிக்சலே தாராளம். சுவரில் ஒட்டும் பெரிய சார்ட் அளவுக்குப் போவதானால் மட்டும் செய்யுங்கள். அப்போது `Brightness cutoff` முறையைத் தேர்ந்தெடுங்கள். `Edge detection` எடுத்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு கரை கண்டுபிடித்து, படம் முழுவதும் இரட்டைக் கோடாகிவிடும்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது

முடிந்த படத்தை `File > Export` வழியாகப் பிஎன்ஜி ஆக்கி ஜிம்ப்பில் திறந்து, ஒரு பிரதியில் வாளிக் கருவியால் ஒவ்வொரு கட்டமாகக் கண்ட வண்ணத்தையும் கொட்டிப் பாருங்கள். `Fill similar colors` தேர்வில் இருக்க வேண்டும். `Fill by line art detection` தேர்வில் இருந்தால் ஜிம்ப்பே ஓட்டையை அடைத்துக் கொண்டு காட்டும், நமக்கு ஓட்டை தெரியாது. வண்ணம் விழாமல் சாம்பலாகவே வந்தால் படம் கிரேஸ்கேலில் இருக்கிறது என்று பொருள், `Image > Mode > RGB` கொடுங்கள்.

மாட்டின் முகத்தில் சிவப்பு கொட்டியதும் வானமெல்லாம் சிவந்தது எனக்கு. தாடைக்கடியில் நூலளவு இடைவெளி இருந்தது. தாளில் தீட்டும் குழந்தைக்கு அந்த இடைவெளி ஒன்றும் செய்யாது. டேப்லெட்டில் தொட்டு நிரப்பும் குழந்தைக்குப் படமே பாழாகும். எதற்கானாலும் அடைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். வாளியைக் கொண்டுபோய் எந்தக் கட்டத்தில் வைக்கவே சிரமமாக இருக்கிறதோ, அந்தக் கட்டம் கிரேயானுக்கும் சின்னது. நுகத்தடிக்கும் கழுத்துக்கும் நடுவே அப்படி மூன்று துணுக்குகள் கிடைத்தன. மூன்றையும் `vandi-3.png` கோப்பில் கறுப்பால் அடைத்து, இங்க்ஸ்கேப்பில் பழைய படத்துக்குப் பதிலாக அதை வைத்தேன்.

அச்சடிப்பது

இங்க்ஸ்கேப்பிலிருந்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘போட்டோ’வாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும், துரத்திய கொசுக்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும். கடையில் ‘ஆக்சுவல் சைஸ், நூறு பர்சென்ட்’ என்று சொல்லுங்கள். 12 மி.மீ. ஓரம் விட்டிருப்பதால் பெரும்பாலான பிரிண்டர்களில் படம் வெட்டுப்படாது. பிரதி எடுப்பதானால் முதல் பிரிண்டை வைத்தே எல்லாப் பிரதியும் எடுக்க வேண்டும். பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் போகப் போகக் கோடு தடித்துச் சொறசொறக்கும்.

கிரேயானுக்குச் சாதாரண 75 ஜிஎஸ்எம் தாள் போதும். ஸ்கெட்ச் பேனா என்றால் மை பின்பக்கம் ஊறும், ஒரு பக்கம் மட்டுமே அச்சடியுங்கள், முடிந்தால் 100 ஜிஎஸ்எம் வாங்குங்கள். வாட்டர் கலர் என்றால் வீட்டு இங்க்ஜெட்டில் அடிக்காதீர்கள். பல இங்க்ஜெட் மைகள் தண்ணீர் பட்டதும் கலங்கி மஞ்சள் மாட்டைச் சாம்பல் மாடாக்கிவிடும். லேசர் டோனர் தாளில் உருகி ஒட்டிக்கொள்வதால் கரையாது.

நாற்பது அடிப்பதற்கு முன் ஒன்றே ஒன்று அடித்து, தேய்ந்த கிரேயானை இடது கையில் பிடித்து நீங்களே தீட்டிப் பாருங்கள். இடது கைப்பழக்கம் உள்ளவர்கள் வலது கையால். ஐந்து வயதுக் கை எங்கே தடுமாறும் என்பது உடனே தெரிந்துவிடும். எனக்கு வண்டிக் கூரையின் மூங்கில் வளைவுகளில் தடுமாறியது. ஒன்பது வளைவில் ஐந்தை அழித்தேன்.

திருத்திய தாளை அக்கா மகளிடம் கொடுத்தபோது அவள் முதலில் கை வைத்தது சக்கரத்தில்தான். எட்டுக் கட்டத்துக்கும் எட்டு வண்ணம். எல்லாம் முடித்துவிட்டு, குடத்தை விரலால் தொட்டு, “சித்தி, இந்த ரவுண்டு என்ன?” என்று கேட்டாள். குடம் என்றேன். தண்ணீர்க் குடமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நீலம் அடிக்க ஆரம்பித்தாள்.